விடியக்காலையில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது: எலியா, ஈரமா?

அரிசிமண்டி · 4 நவம்பர் 2024, காலை 8:10

60க்கு 40 தகர ஷெட் குடோன். அரிசி, பருப்பு மூட்டை, ஒரு ஓரத்துல காலி சாக்குக் கட்டு. லைட்டுக்கு, ஷார்ட் ஆனா விழற 10 ஆம்ப் எம்.சி.பி. ஒண்ணு, எக்ஸாஸ்ட் பேன் ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு, தராசு, கேமரா, பிளக் பாயிண்டுக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் முன்னாடி, கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா லைனை வெட்டற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒரே ஒண்ணு.

மழை பிடிச்சதுல இருந்து விடியக்காலை அது விழுந்து கிடக்குது. கேமரா பதிவு நாலு, நாலரைக்கு நின்னுருது. பத்து மணிக்கு மேல தூக்கிவிட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்குது. எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். "ஆர்.சி.சி.பி. ரொம்ப சென்சிட்டிவ், 100 மில்லி ஆம்ப் மாத்திடலாம், இல்லேன்னா அதை விட்டுட்டு நேரடியா கொடுத்துடலாம்"ங்கறார். கூரையைத் தாங்கற இரும்பு டிரஸ் மேல போற பிவிசி பைப்ல எலி ஓடுறதைக் கண்ணால பார்க்கிறோம். எலி கடிச்சிருந்தா எம்.சி.பி. தானே விழணும்?

பேஸ்_நியூட்ரல் · 4 நவம்பர், 8:45

ஆமா, எலி கடிச்சு ஷார்ட் ஆனா எம்.சி.பி. கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். விழலைன்னா கடி இல்லை. மழைக்கால ஈரம்தான். எம்.சி.பி. இருக்கிற இடத்துல எலியால தீ பிடிக்கும்கிறது பேப்பர்காரங்க கதை.

மெகர்மாமா · 4 நவம்பர், 9:30

பாதி சரி. ரெண்டு கம்பியும் சுத்தமா ஒட்டிக்கிட்டா எம்.சி.பி. விழும். எலி அப்படி ஒட்டவச்சுட்டுப் போறதில்லையே. ரப்பரைச் சீவிட்டுப் போயிடும். தாமிரம் வெளியே தெரியும், இன்னொரு கம்பியைத் தொடாது. நடுவில் தூசி, எலி மூத்திரத்தின் உப்பு, காற்றின் ஈரம் மூணும் சேர்ந்து மெல்லிய பாதை போடும். அது வழியா கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கசியக் கசிய அந்த இடம் கருகும். கருகினது கரி, கரியே மின்சாரம் கடத்தும். அப்புறம் வெயில் காலத்திலும் கசியும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10 ஆம்ப் சி டைப் எம்.சி.பி. உடனே விழணும்னா 50லிருந்து 100 ஆம்ப் வரை வேணும். கருகின இடத்தில் 0.2 ஆம்ப்தான் ஓடுதுன்னு வைங்க. 230 வோல்ட்டில் அது 46 வாட். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். ரெண்டு அயர்னைச் சூடாக்கி சாக்குத் தூசி மேல ராத்திரி முழுக்க வச்ச மாதிரி. எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரியற மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

அரிசிமண்டிக்கு: ஆர்.சி.சி.பி.யைத் தொடாதீங்க. அது ஒண்ணுதான் இப்ப உண்மை சொல்லுது.

மூணாவது மாடி · 4 நவம்பர், 10:05

எங்க வீட்டிலும் இதே கதைதான், இண்டர்நெட் ஒயரை எலி கடிச்சுப் போட்டுடுச்சு. பைபர் கம்பிக்கும் தீ பிடிக்குமா?

பேஸ்_நியூட்ரல் · 4 நவம்பர், 10:12

பைபர்ல போறது வெளிச்சம்தான். நெட்தான் போகும். நிம்மதியா இருங்க.

மெகர்மாமா · 4 நவம்பர், 10:40

பைபரால் தீ வராது. ஆனா அதைக் கடிச்ச எலி அதோட நிக்காது. பிரிட்ஜ் பின்னாடி கீழே கம்ப்ரசர் இருக்கிற இடம், வாஷிங் மிஷின் அடிப்பக்கம், ரெண்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கதகதப்பும் மறைப்பும் அங்கேதான். பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாருங்க.

அரிசிமண்டி · 4 நவம்பர், பகல் 1:20

மல்டிமீட்டர்ல ஒண்ணும் காட்டலையே மாமா, அது எப்படி?

மெகர்மாமா · 4 நவம்பர், 2:00

மல்டிமீட்டர் ஓம் பார்க்கும்போது உள்ளே இருக்கிற பேட்டரியில் ஓரிரண்டு வோல்ட்டைத்தான் கொடுக்கும். அந்த அழுத்தத்துக்கு அழுக்குப் பாதை அசையாது. 500 வோல்ட் கொடுத்து ஒயர் ரப்பரின் தடையை அளக்கிற மெகர் வேணும். வாடகைக்குக் கிடைக்கும், இல்லைன்னா மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருக்கும்.

முறை இது. மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சு இல்லைன்னு உறுதி பண்ணுங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் தனியா ஆஃப் பண்ணணும், மெயின் போனாலும் அதன் அவுட்புட் உயிரோடதான் இருக்கும். எம்.சி.பி. எல்லாம் கீழே. எந்த சர்க்யூட்டைப் பார்க்கிறீங்களோ அதன் நியூட்ரல் கம்பியை, எம்.சி.பி. எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸில் நியூட்ரல் பாரிலிருந்து கழட்டணும். எல்.இ.டி. டியூப், கேமரா அடாப்டர் எல்லாம் கழட்டணும், இல்லைன்னா 500 வோல்ட்டில் அதன் உள்ளே இருக்கிறது போயிடும். சுவிட்ச் எல்லாம் ஆன் நிலையில். அப்புறம் அந்த சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கி மெகரின் ஒரு முனை, எர்த்துக்கு இன்னொரு முனை. நல்ல ஒயரிங் பல பத்து மெகாஓம் காட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே போனா அந்த சர்க்யூட்டை ஓட்டக்கூடாது.

ஆதாரம்எங்கே · 4 நவம்பர், இரவு 9:15

ஒரு கேள்வி. எங்கே தீ பிடிச்சாலும் "மின்கசிவு காரணமாக"ன்னு போடறாங்க. அதுல எத்தனை எலி, எத்தனை பழைய ஒயர், எத்தனை ஓவர்லோடு? எல்லாத்தையும் எலி தலையில் கட்டறதும் சோம்பேறித்தனம்தான்.

மெகர்மாமா · 4 நவம்பர், 10:00

கேள்வி நியாயம். பதில் யாரிடமும் சுத்தமா இல்லாததற்குக் காரணம், பல் தடம் ரப்பர் மேலதான் பதியும், ரப்பர்தான் முதலில் எரியும். மிச்சம் தாமிரக் கம்பியில் ஒரு உருண்டை மணி. அந்த மணி, ஆர்க் அடிச்சதுன்னு சொல்லும். எதனால் அடிச்சதுன்னு சொல்லாது.

ஆதாரம்எங்கே · 4 நவம்பர், 10:20

அந்த மணியும் தீக்குக் காரணமா, தீயின் விளைவா? வேற எதனாலோ எரிஞ்சு ரப்பர் உருகினாலும் கம்பி ஒட்டி மணி விழுமே.

மெகர்மாமா · 4 நவம்பர், 10:35

விழும். மணியை வச்சு எது முதல்னு சொல்லலாம்னு சிலர் அடிச்சுச் சொல்றாங்க, எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் எரியறதுக்கு முன்னாடி பார்க்கணும்கிறேன்.

2013 மார்ச்சில் புகுஷிமா அணு உலையில் எரிபொருள் குளத்தைக் குளிர்விக்கிற அமைப்பு ஒரு நாளுக்கும் மேல நின்னுச்சு. தற்காலிகமா வச்ச சுவிட்ச்போர்டில் எலி புகுந்ததுதான் காரணம். அங்கே தீ பிடிக்கலை, எலி உடம்பு அப்படியே கிடைச்சது. உடம்பு கிடைச்சாத்தான் எலி மேல வழக்கு நிக்கும்.

அரிசிமண்டி · 6 நவம்பர், பகல் 12:30

மெகர் வாங்கிட்டு வந்து பார்த்தோம். லைட் 180 மெகாஓம். பிளக் பாயிண்ட் 150. பேன் சர்க்யூட் 0.4. எலக்ட்ரீஷியன், "0.4 இருந்தா அரை மில்லி ஆம்ப்தான் கசியும், அதுக்கெல்லாம் 30 மில்லி ஆம்ப் விழாது, ஆக ஆர்.சி.சி.பி.தான் கோளாறு"ன்னு இன்னும் சொல்றார். கணக்கு சரியாத்தானே இருக்கு?

மெகர்மாமா · 6 நவம்பர், 1:15

கணக்கு சரி, நேரம் தப்பு. உங்களுக்கு விழறது நாலரைக்கு, அளந்தது பன்னிரண்டு மணிக்கு. தகரக் கூரை காய்ஞ்ச பிறகு பாதையும் காய்ஞ்சிடும். அதே இடத்தை விடியக்காலை அஞ்சு மணிக்கு அளங்க.

இன்னொண்ணு. ராத்திரி பேன் ஓடுதா?

அரிசிமண்டி · 6 நவம்பர், 1:25

இல்லை, ஆறு மணிக்கு ஆஃப்.

மெகர்மாமா · 6 நவம்பர், 1:50

அப்ப ரெண்டில் ஒண்ணு. கடி டிபியிலிருந்து சுவிட்ச்போர்டு வரைக்கும் உள்ள துண்டில் இருக்கு, அது எப்பவும் உயிரோட இருக்கிற கம்பி. இல்லைன்னா சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருக்காங்க. அப்படிக் கொடுத்தா சுவிட்சை ஆஃப் பண்ணினா பேன் ஓடாது, ஆனா பேன் வரைக்கும் பேஸ் ராத்திரி முழுக்க உயிரோட இருக்கும். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பேன் முனையில் எர்த்துக்கும் கம்பிக்கும் நடுவே வோல்ட் பாருங்க. 230 காட்டினா அதுதான்.

சாக்குப்பை · 6 நவம்பர், மாலை 6:40

குடோன் பூச்சிக்கட்டுப்பாடு வேலை. யாரும் கேட்கலை, நானே சொல்றேன். இந்தக் குடோனில் மூட்டைக்கு மாத்திரை போட்டு, தார்ப்பாய் மூடி வைக்கிறது உண்டா? அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வர்ற பாஸ்பின் வாயு தாமிரத்தை அரிக்கும். முழு ரப்பர் போர்த்தின கம்பிக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. எலி சீவின இடத்தில் தாமிரம் திறந்து கிடந்தா கருத்துப் போய் மேல் தோல் உதிரும். சுவிட்ச் காண்டாக்ட், பேன் ரெகுலேட்டர் எல்லாம் இப்படித்தான் போகுது. தார்ப்பாயில் ஓட்டை இருந்தா வாயு டிரஸ் வரைக்கும் ஏறும்.

கடிச்ச இடத்தைக் கண்டுபிடிச்சதும் நிறம் பாருங்க. பளபளன்னு இருந்தா இந்த வாரக் கடி. மங்கின பழுப்பு பழசு. கரிக் கறுப்பா இருந்து அந்த இடத்தில் சூடான அடையாளம் இல்லைன்னா மாத்திரை வேலை.

மூணாவது மாடி · 6 நவம்பர், 7:05

பிரிட்ஜ் பின்னாடி பார்த்தேன். ஒயர் நல்லா இருக்கு. ஆனா மூஞ்சூறு ஒண்ணு ஓடுச்சு. அதுதான் பைபரைக் கடிச்சிருக்கும்.

சாக்குப்பை · 6 நவம்பர், 7:20

மூஞ்சூறு எலி இனமே இல்லை அக்கா. மூக்கு நீண்டது, நாத்தம் அடிக்கும், பூச்சி தின்னும். எலிக்கு முன்பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், தேய்க்காம இருக்க முடியாது. மூஞ்சூறுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழியை வேற ஆள் மேல போடுங்க. ஒயருக்குக் கீழே தரையில் ரப்பர் துருவல் கிடக்கான்னு பாருங்க. எலி பிளாஸ்டிக்கைத் தின்னாது, சீவித் துப்பிட்டுப் போயிடும். ஒயரில் ரெண்டு ரெண்டா இணைகோடு மாதிரி பள்ளம் இருக்கும். சூட்டில் கெட்ட ரப்பர் வழவழன்னு உருகியிருக்கும், துருவல் இருக்காது.

அரிசிமண்டி · 8 நவம்பர், காலை 7:00

ரெண்டும் பார்த்தாச்சு. அஞ்சு மணிக்கு பேன் சர்க்யூட் 0.009 மெகாஓம். சுவிட்ச் ஆஃப்ல பேன் முனையில் 228 வோல்ட். நியூட்ரல்லதான் சுவிட்ச்!

மெகர்மாமா · 8 நவம்பர், 7:30

9 கிலோஓம். 230ஐ வகுத்தா 25 மில்லி ஆம்ப். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல எங்கே வேணும்னாலும் விழலாம். உங்க ஆர்.சி.சி.பி. நல்லா இருக்கு.

இப்ப பாதி பாதியா வெட்டுங்க. நடு ஜங்ஷன் பாக்ஸில் கம்பியைப் பிரிச்சு டிபி பக்கம் ஒரு தடவை, பேன் பக்கம் ஒரு தடவை. கெட்ட பக்கத்தில் அடுத்த பாக்ஸ். கடைசியில் பேனையே கழட்டிட்டுப் பாருங்க, மோட்டார் காயில் கசியுதான்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்க. இதைப் பகலில் பண்ணினா 0.4லேயே தேடலாம், பரவாயில்லை. ஏணி மேல இருட்டில் ஏற வேண்டாம்.

அரிசிமண்டி · 8 நவம்பர், மாலை 5:45

கிடைச்சிருச்சு. டிபி பக்கம் 200. முதல் பேன் சுத்தம். ரெண்டாவது பேனைக் கழட்டியும் 0.4, ஆக ஒயர்தான். கடைசி பாக்ஸ்ல இருந்து பேன் வரைக்கும் நாலு அடி. பிவிசி பைப் பேனுக்கு ஒரு சாண் முன்னாடியே முடிஞ்சுருது, அப்புறம் ஒயர் தொங்குது, மழைச் சாரல் படற இடம். அந்த ஒரு சாண்லதான் கடி. 1.5 ஸ்கொயர் ஒயர், 22 இழைல 9தான் மிச்சம். பக்கத்துல எர்த் கம்பி ரப்பரும் போயிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கறுப்பா கெட்டியா ஒரு பக்கு. தாமிரம் கரிக் கறுப்பு. ஆமா, ஆகஸ்ட்ல மாத்திரை போட்டோம்.

எலக்ட்ரீஷியன் அந்த இடத்துல நல்ல டேப் சுத்திடலாம்ங்கறார்.

மெகர்மாமா · 8 நவம்பர், 6:20

டேப் கசிவை மறைக்கும். 13 இழை திரும்ப வராது. 9 இழை வழியா பேன் கரண்ட் போறப்ப அந்த ஒரு அங்குலம் மட்டும் சூடாகும், மேலே சுத்தின டேப் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். அந்தப் பக்கும் உள்ளேயே இருக்கும். பாக்ஸிலிருந்து பேன் வரை முழுத் துண்டையும் மாத்துங்க. நாலு அடி ஒயர்தான், நடுவில் ஜாயிண்ட் வேண்டாம். சுவிட்சைப் பேஸுக்கு மாத்துங்க.

பைப்: எலி பைப் நடுவில் கடிக்கறது குறைவு, பைப் முடியற இடம், பென்ட், மூடியில்லாத பாக்ஸ் இதுதான் அதுக்கு வசதி. பேன் பாக்ஸுக்குள்ளே போய் முடியற மாதிரி ஜி.ஐ. பைப் இல்லைன்னா இரும்பு பிளெக்சிபிள் ஹோஸ் போட்டு, கிளாண்ட் வச்சு இறுக்குங்க. வெட்டின முனையில் புஷ் போடணும், இல்லைன்னா எலி செய்யாததை இரும்பு விளிம்பு செய்யும். ஜி.ஐ. பைப்புக்கு எர்த் கண்டிப்பா. எர்த் இருந்தாத்தான் அடுத்த கசிவும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியும்.

பேஸ்_நியூட்ரல் · 8 நவம்பர், 6:50

குடோன் முழுக்க ஆர்மர்டு கேபிளே போட்டுட்டா இந்தத் தலைவலியே இல்லை.

மெகர்மாமா · 8 நவம்பர், 7:10

கேபிள் நடுவில் பல் போகாது, சரி. மேல் ரப்பரைச் சீவினா உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், அது பல வருஷக் கதை. முனையில் ஆர்மரை உரிச்சுத்தானே பாக்ஸுக்குள் விடணும்? கிளாண்ட் போடாம உரிச்ச முனை தொங்கினா பழைய கதைதான். மெயின் லைனுக்குப் போடுங்க. ஒவ்வொரு டியூப்லைட்டுக்கும் போடறது காசுக்குக் கேடு.

பேஸ்_நியூட்ரல் · 9 நவம்பர், காலை 9:00

ஒத்துக்கறேன். முதல்ல நான் சொன்னதையும் திருத்திக்கறேன், எம்.சி.பி. மட்டும் போதாது. ஆர்.சி.சி.பி. இருந்தா போதும்.

மெகர்மாமா · 9 நவம்பர், 9:25

அதுவும் இல்லை, மன்னிக்கணும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மட்டும் கருகினா போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்துடும். ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசமே தெரியாது. எர்த் இல்லாத பிவிசி பைப்பில் ரெண்டு கம்பி மட்டும் ஓடற பழைய வீடுகளில் இதுதான் நிலைமை. அந்த ஆர்க்கை மோப்பம் பிடிக்கிற ஏ.எஃப்.டி.டி.ன்னு ஒரு சாதனம் உண்டு. நல்ல விலை. இங்கே குடோனுக்கு அது தேவையா, சும்மா விழுந்து தொல்லை கொடுக்குமா, எனக்கே முடிவு வரலை.

உங்க எலக்ட்ரீஷியன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எல்.இ.டி. டிரைவர், கேமரா அடாப்டர் ஒவ்வொண்ணும் இயல்பாவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியும். எல்லாத்தையும் ஒரே 30 மில்லி ஆம்ப்பில் தொங்கவிட்டா பாதித் தூரம் ஏற்கனவே போயிருக்கும். அதுக்கு வழி சர்க்யூட்டுக்கு ஒண்ணா 30 மில்லி ஆம்ப்பைப் பிரிச்சு, முன்னாடி மெயினில் தாமதமா விழற 300 மில்லி ஆம்ப் ஒண்ணு போடறது. 300ஐ 230ஆல் பெருக்கினா 69 வாட், அது தீக்கான காவல். ஆளுக்கான காவல் 30தான். ஒரே 100ஐப் போட்டா ஆளுக்கும் காவல் இல்லாமப் போகும்.

சாக்குப்பை · 9 நவம்பர், 11:00

ஓட்டை அடைக்கிறது பத்தி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைஞ்சா அதுவும் நுழையும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுக்கு மேல போகாத ஜி.ஐ. வலை. பைப் சுவரைத் துளைக்கிற இடத்தில் ஸ்டீல் உல் திணிச்சு மேல சிமெண்ட் பூசுங்க. வெறும் போம் அடிச்சா ரெண்டே ராத்திரி. கதவின் அடியில் தகரப் பட்டை. மூட்டை அட்டியைச் சுவரிலிருந்து ரெண்டு அடி தள்ளிப் போட்டா புழுக்கை கண்ணுல படும், படாத இடத்தில்தான் அது குடித்தனம் பண்ணும். காலி சாக்குக் கட்டை வெளியே கொண்டுபோங்க, கூடு அங்கேதான்.

சத்தம் போட்டு எலி விரட்டற பெட்டி வாங்காதீங்க. கொஞ்ச நாளில் பழகிப் போய் அது மேலேயே உட்காரும்.

ஆதாரம்எங்கே · 9 நவம்பர், 11:30

ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனா இத்தனை வேலையும் எதுக்கு?

மெகர்மாமா · 9 நவம்பர், 12:10

நல்ல பழக்கம், கேமராவுக்குத் தனி லைன் கொடுத்துட்டு மத்ததை வெளியே இருக்கிற ஐசொலேட்டரில் அணைக்கலாம். ஆனா எலி கடிக்கறது நிக்காது. காலையில் ஆன் பண்ணும்போதுதான் தெரியும். ஆள் இருக்கும்போது தெரியறது லாபம்தான்.

அரிசிமண்டி · 13 நவம்பர், இரவு 8:30

துண்டு மாத்தியாச்சு, சுவிட்ச் பேஸுக்கு வந்தாச்சு. மூணு விடியக்காலையும் விழலை, மழை இருந்தும். பேன் சர்க்யூட் அஞ்சு மணிக்கு 60 மெகாஓம்.

இன்னிக்குப் புதுசா ஒண்ணு. எட்டு டியூபையும் சேர்த்துப் போட்டா உடனே விழுது. ரெண்டு, மூணு போட்டா நிக்குது. லைட் சர்க்யூட்தான் 180 காட்டுச்சே?

மெகர்மாமா · 13 நவம்பர், 9:00

அன்னிக்குப் பேஸையும் நியூட்ரலையும் முறுக்கிப் பிடிச்சீங்களா?

அரிசிமண்டி · 13 நவம்பர், 9:10

…பேஸ் மட்டும்தான். நியூட்ரல் கழட்ட சோம்பல்.

மெகர்மாமா · 13 நவம்பர், 9:25

அப்ப நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுது. அன்னிக்கே இருந்ததா, இந்த வாரக் கடியான்னு இனி தெரியாது. நியூட்ரலில் வோல்ட் கிட்டத்தட்ட இல்லை, சும்மா இருக்கும்போது கசியாது. லோடு ஏற ஏற திரும்பி வர்ற கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாப் பிரியும். எட்டு டியூப் சேர்ந்தா அந்தப் பங்கு 30ஐ நெருங்கும். நாளைக்கு நியூட்ரலைப் பாரிலிருந்து கழட்டிட்டு அளங்க.

அரிசிமண்டி · 14 நவம்பர், பகல் 11:40

நியூட்ரல் 0.00. ஏழாவது டியூப் பாக்ஸுக்கு மூடி இல்லை. உள்ளே சாக்கு நார், புழுக்கை, கூடு. குட்டி நாலு, கண் திறக்கலை. தாயைக் காணோம்.

சாக்குப்பை · 14 நவம்பர், 11:55

தாய் டிபி பாக்ஸ் பக்கம் போயிருக்கும். அதுல பைப் விடறதுக்கு இருக்கிற நாக்அவுட் ஓட்டை திறந்து இருக்கா பாருங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு.